12 வருஷம் பனியன் கம்பெனி வேலை: பயோடேட்டா மேல் பகுதியில இதை எப்படி எழுதறது?

செக்கிங்_மலர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. திருப்பூர்ல இருக்கேன். +2 முடிச்சதும் வீட்டு நிலைமையால மேல படிக்க முடியல. 2012-ல ஒரு ஜாப் ஒர்க் யூனிட்ல டெய்லருக்கு உதவியா நிக்கிற கைமடியா சேர்ந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு செக்கிங்குக்கு மாத்தினாங்க. 2020 லாக்டவுன் வரைக்கும் மூணு யூனிட்ல செக்கிங்தான். எல்லாமே பீஸ் ரேட், இல்லைன்னா ஷிப்ட் சம்பளம். லாக்டவுன்ல யூனிட் மூடினதும் எங்க ஏரியா மளிகைக்கடையில 14 மாசம் பில் போட்டேன். 2021 நவம்பர்ல இருந்து திரும்ப செக்கிங். இப்ப ஒரு கான்ட்ராக்டர் மூலமா எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு உள்ளேயே வேலை.

போன வாரம் வேற ஒரு கம்பெனியில குவாலிட்டி அசிஸ்டென்ட் வேலைக்குப் போனேன். டிடிபி கடையில அடிச்சுக் கொடுத்த பயோடேட்டாவோட மேல் பகுதியில இப்படி இருந்தது:

"சவாலான பணிச்சூழலில் எனது திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன். அனுபவம்: பனியன் கம்பெனி, 12 வருடம்."

உள்ள இருந்தவர் அதைப் படிச்சிட்டு, "12 வருஷம்னு போட்டிருக்கீங்க, என்ன வேலை பாத்தீங்கன்னு எங்கயும் இல்லையேம்மா"ன்னு கேட்டார். வாயில சொல்லிப் பார்த்தேன், பதட்டத்துல சரியா வரல. அந்த மேல் நாலு வரியை மட்டும் எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க. எங்கிட்ட எந்த கம்பெனி லெட்டரும் கிடையாது.

அவிநாசி_சுரேஷ்

சகோதரி, ரொம்ப சிம்பிள். அந்த "சவாலான பணிச்சூழல்" வரியை முதல்ல தூக்குங்க. எல்லாரோட பயோடேட்டாவுலயும் அதே வரிதான் இருக்கு, யாரும் படிக்கிறதில்லை. அதுக்குப் பதிலா "குவாலிட்டி கன்ட்ரோலர், 12 வருட அனுபவம்"னு தடிமனா போடுங்க. கீழ இப்ப வேலை பாக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி பேரைப் போட்டுடுங்க. கைமடி, மளிகைக்கடை ரெண்டையும் எடுத்துடுங்க. அதெல்லாம் இருந்தா மதிப்பைக் குறைக்கும். ஒரே பக்கத்துல முடிச்சிடுங்க.

பல்லடம்_ரவி

கான்ட்ராக்டர் மூலமான்னு சொன்னதால கேக்குறேன். எனக்கும் கான்ட்ராக்டர்தான் பிஎஃப் பிடிச்சார். வேலையை விட்டு ஒரு வருஷம் ஆச்சு, பணம் எடுக்க முடியல. நீங்க எப்படி எடுத்தீங்க?

நித்யா_ஹெச்ஆர்

ரவி அண்ணா, அவங்க கேக்கிறது பயோடேட்டா எழுதறது பத்தி. பிஎஃப் பணத்துக்குத் தனியா ஒரு இழை தொடங்குங்க, அங்க பதில் சொல்றேன்.

ஆனா பிஎஃப் இங்கயும் ஒரு விதத்துல வருது, அதனாலதான் எழுதறேன். மலர், சுரேஷ் சொன்னதுல பாதி சரி. அந்த வரி போகணும், ஒரே பக்கம் போதும். ஆனா "குவாலிட்டி கன்ட்ரோலர்"னு போடாதீங்க. எக்ஸ்போர்ட் கம்பெனி பேரை முதலாளின்னும் போடாதீங்க.

நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில ஆள் எடுக்கிற பிரிவுல 6 வருஷமா இருக்கேன். ஸ்டாஃப் லெவல்ல எடுக்கும்போது பிஎஃப் கணக்கோட யுஏஎன் நம்பர் வாங்குவோம். பிஎஃப் தளத்துல உங்க சர்வீஸ் வரலாறு இருக்கும். கான்ட்ராக்டர்கிட்ட வேலை பாத்தா அங்க கான்ட்ராக்டரோட ஃபர்ம் பேர்தான் இருக்கும், நீங்க உள்ள போய் வேலை பாத்த கம்பெனி பேர் இருக்காது. பயோடேட்டாவுல ஒரு பேர், பிஎஃப்ல வேற பேர்னா, நீங்க பொய் சொன்னதாத்தான் எடுத்துக்குவாங்க. உங்க வேலை உண்மையா இருந்தாலும் அந்த இடத்துல கதை முடிஞ்சிடும். அதனால முதல்ல உங்க யுஏஎன்-ல உள்ள போய் View, அதுக்குள்ள Service History-ஐப் பாருங்க. என்ன பேர், எந்தத் தேதின்னு அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க.

செக்கிங்_மலர்

இப்பத்தான் பாத்தேன் அக்கா. 2021 டிசம்பர்ல இருந்து கான்ட்ராக்டர் ஃபர்ம் பேர்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி பாத்த மூணு யூனிட்ல எதுவுமே இல்லை, பிஎஃப் பிடிக்கவே இல்லை. அப்ப அந்த 8 வருஷம் கணக்குல வராதா?

நித்யா_ஹெச்ஆர்

தாராளமா வரும். பிஎஃப் இல்லாத வருஷத்தை எழுதக் கூடாதுன்னு எதுவும் இல்லை. ஜாப் ஒர்க் யூனிட்ல வேலை பாத்தவங்க பாதிப் பேருக்கு பிஎஃப் இருக்காதுன்னு இந்த ஊர்ல எல்லா ஹெச்ஆருக்கும் தெரியும். "ஜாப் ஒர்க் யூனிட், பீஸ் ரேட்"னு வெளிப்படையா எழுதிட்டா யாரும் பதிவைத் தேட மாட்டாங்க. மறைச்சு எழுதினாத்தான் தேடுவாங்க.

பழைய_கியூசி

அம்மணி, நான் இந்தத் தொழில்ல 30 வருஷத்துக்கு மேல இருந்து, இப்ப ஓய்வுல இருக்கேன். கடைசி 15 வருஷம் பையரோட க்யூசி ஆளுங்ககூட உக்காந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் பாத்தவன். எத்தனையோ செக்கிங் பொண்ணுங்களை குவாலிட்டி பக்கம் எடுத்திருக்கேன். இப்பவே எழுத உக்காராதீங்க. முதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க, பேசற மாதிரியே எழுதுங்க.

என்ன பீஸ் பாத்தீங்க? ஒரு ஷிப்டுக்கு எத்தனை? பீஸைக் கையில எடுத்ததும் முதல்ல எதைப் பாப்பீங்க, அப்புறம் எதை? டேப் வெச்சு அளவு பாத்திருக்கீங்களா? தப்பு வந்தா யார்கிட்ட சொல்வீங்க? நீங்க சொன்னதால ஏதாவது மாறியிருக்கா? அந்தக் கடைசிக் கேள்விக்கு நல்லா யோசிச்சு எழுதுங்க.

செக்கிங்_மலர்

ஐயா, பெருசா எழுதறேன், தப்பா நினைக்காதீங்க.

ரவுண்ட் நெக் டி-ஷர்ட், போலோ, குழந்தைங்க செட் எல்லாம் பாத்திருக்கேன். சாதா ரவுண்ட் நெக்னா ஒரு ஷிப்டுக்கு 400-ல இருந்து 450. போலோன்னா காலர், பட்டன் பட்டி எல்லாம் இருக்கிறதால பாதிதான் வரும்.

பீஸை எடுத்ததும் முதல்ல கழுத்தைப் பாப்பேன். ரிப் ரெண்டு பக்கமும் சமமா உக்காந்திருக்கா, தோள் ஜாயின்ட்ல தையல் விட்டிருக்கான்னு. அப்புறம் ரெண்டு கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. அப்படியே திருப்பி உள்பக்கம். கடைசியா ட்யூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா ஊசி ஓட்டை தெரிஞ்சிடும். மேசையில விரிச்சு வெச்சா அது தெரியாது. பிசிர் இருந்தா அப்பவே வெட்டிடுவேன். ஆயில் கறை தனி, திரும்பத் தைச்சு சரி பண்ற ஆல்டர் தனி, ரிஜெக்ட் தனின்னு மூணா பிரிச்சு வெப்பேன். தையல் தப்பு இருக்கிற இடத்துல அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன்.

டேப் கடைசி ரெண்டரை வருஷமா பிடிக்கிறேன். ஒரு கட்டுக்கு நாலஞ்சு பீஸ் அளவு பாக்கச் சொல்வாங்க. செஸ்ட் அக்குள்ல இருந்து ஒரு இஞ்ச் கீழே, லெங்த் தோளோட உச்சியில இருந்து. அளவு சார்ட்டுல கொடுத்திருக்கிற டாலரன்ஸ் தாண்டினா சூப்பர்வைசர்கிட்ட காட்டுவேன்.

மாறினதுன்னு கேட்டீங்கள்ல. ஒரு தடவை ஒரே நாள்ல 40 பீஸுக்கு மேல ஊசி ஓட்டை வந்தது. எல்லாமே இடது பக்கத் தையல்ல, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே. வலது பக்கம் ஒண்ணுகூட இல்லை. கட்டு நம்பரைப் பாத்தா எல்லாமே ஒரே ஓவர்லாக் டெய்லர்கிட்ட இருந்து வந்த கட்டு. சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட சொன்னேன். போய்ப் பாத்தா அந்த மெஷின்ல ஊசி முனை மழுங்கியிருந்தது. ஊசியை மாத்தினாங்க, அதோட நின்னுடுச்சு. மத்தியானத்துக்கு மேல வந்த கட்டுல ஒண்ணும் வரல. இதெல்லாம் எழுதலாமான்னு தெரியல. எல்லாரும் செய்யறதுதானே.

இன்னொண்ணு. ரெண்டு வருஷமா எங்க டேபிள்ல 6 பேர் இருக்கோம். யாருக்கு எந்தக் கட்டுன்னு நான்தான் பிரிச்சுக் கொடுக்கிறேன், சாயந்தரம் கணக்கும் நான்தான் எழுதறேன். ஆனா அதுக்குன்னு பேரோ தனிச் சம்பளமோ கிடையாது.

பழைய_கியூசி

எல்லாரும் செய்யறது இல்லை அம்மணி. ஓட்டை வந்த பீஸை எடுத்து ஓரமா வெக்கிறது செக்கிங். ஓட்டை எந்தப் பக்கம், எந்த உயரம், எந்தக் கட்டுன்னு பாத்து மெஷின் வரைக்கும் போறதுதான் குவாலிட்டி வேலை. நீங்க விண்ணப்பிச்ச வேலையே அதுதான். உங்க பயோடேட்டாவுல அது ஒரு வரிகூட இல்லை. அந்த மனுசன் "என்ன வேலை பாத்தீங்க"ன்னு கேட்டதும் இதைத்தான்.

இப்ப எழுதற முறைக்கு வர்றேன். உங்களை மாதிரி யூனிட் மாறி மாறி வேலை பாத்தவங்க மேல் பகுதியில கம்பெனிவாரியா எழுதினா, படிக்கிறவங்க கண்ணுக்கு அடிக்கடி மாறின ஆள்னு மட்டும்தான் தெரியும். வேலைவாரியா கூட்டுங்க. மூணு யூனிட்டும் இப்ப இருக்கிறதும் சேர்த்தா செக்கிங் மட்டும் எட்டு வருஷத்துக்கு மேல வருது. முதல் வரி அதுதான். ரெண்டாவது வரியில எந்த மாதிரி பீஸ், ஒரு ஷிப்டுக்கு எத்தனை. மூணாவதுல அளவும் தப்பைப் பிரிக்கிறதும். நாலாவதுல அந்த ஓவர்லாக் சம்பவம். அஞ்சாவதுல 6 பேர் டேபிள். அடுத்து உங்க கையால எழுதிப் போடுங்க, பாக்கலாம்.

அவிநாசி_சுரேஷ்

ஐயா சொல்றது புரியுது. ஆனா 6 பேர் டேபிளைப் பாத்துக்கிறாங்கன்னா "டேபிள் இன்சார்ஜ்"னு போட்டா என்ன தப்பு? வேலை செஞ்சது உண்மைதானே. பேர் கொடுக்காதது கம்பெனியோட தப்பு.

நித்யா_ஹெச்ஆர்

பேர் கொடுக்காதது அநியாயம்தான், அதுல எனக்கும் கோபம் இருக்கு. ஆனா நாளைக்கு ஒருத்தர் அந்த கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணி "மலர் டேபிள் இன்சார்ஜா?"ன்னு கேட்டா அவர் "இல்லைங்க, செக்கர்"னுதான் சொல்வார். அதே ஆள்கிட்ட "6 பேருக்குக் கட்டு பிரிச்சுக் கொடுத்து, சாயந்தரம் கணக்கு எழுதறது அவங்களா?"ன்னு கேட்டா "ஆமா"ன்னுதான் சொல்லணும். பேரை எழுதினா அவர் மறுக்கலாம். செஞ்சதை எழுதினா மறுக்க முடியாது. அதனால பதவிப் பேர் இருக்கிற இடத்துல "செக்கர்"னே இருக்கட்டும், மேல் பகுதியில செய்கை வரட்டும்.

மளிகைக்கடையை எடுக்கச் சொன்னதும் சரியில்லை சுரேஷ். மேல் பகுதியில வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா கீழ வேலை வரலாற்றுல ஒரு வரி இருக்கணும். 2020-ல இருந்து 2021 வரைக்கும் வெறுமையா விட்டா நேர்காணல்ல முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும், நல்ல நேரம் அதுலயே போயிடும்.

பரோட்டா_மாஸ்டர்_மதுரை

நானும் இதே நிலைமையிலதான் இருக்கேன். 15 வருஷம் ஹோட்டல். சப்ளையர், அப்புறம் டீ மாஸ்டர், அப்புறம் பரோட்டா மாஸ்டர். ஆறு ஹோட்டல் மாறியிருக்கேன். இப்ப ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ல சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. என் பயோடேட்டாவுல "கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்த வேலையும் செய்வேன்"னு எழுதி வெச்சிருக்கேன். அதையும் பாத்துச் சொல்லுங்க.

பழைய_கியூசி

தம்பி, ஹோட்டல் தொழில் எனக்குத் தெரியாது, தெரியாததுல கருத்து சொல்ல மாட்டேன். ஆனா "எந்த வேலையும் செய்வேன்"னு எழுதினா எந்த வேலை தெரியும்னு படிக்கிறவனுக்குத் தெரியாது. மெஸ்ல என்ன கேப்பாங்க? நாளைக்கு இத்தனை பேர்னா எவ்வளவு மாவு, எவ்வளவு எண்ணெய் வாங்கணும்னு தெரியுமான்னு கேப்பாங்க. மிச்சம் எவ்வளவு ஆச்சு, ஆள் வராத நாள்ல எப்படி சமாளிச்சீங்கன்னு கேப்பாங்க. அதுக்கெல்லாம் உங்ககிட்ட பதில் இருக்கும். அதை எழுதிக் கொண்டுவாங்க.

பரோட்டா_மாஸ்டர்_மதுரை

இருக்குங்கய்யா. கடைசி ஹோட்டல்ல சரக்கு லிஸ்ட் நான்தான் போடுவேன். முகூர்த்த நாள், லீவு நாள்னு பாத்து மாவு கூட்டிக் குறைச்சு சொல்வேன். எழுதிட்டு வர்றேன்.

செக்கிங்_மலர்

எழுதிப் பாத்தேன். சரியா இருக்கான்னு பாருங்க:

"பின்னலாடை செக்கிங்கில் எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம். டி-ஷர்ட், போலோ, குழந்தைகள் செட் என அனைத்து வகை ஆடைகளிலும் தரத்தை உறுதி செய்வதில் வல்லமை பெற்றவர். ஏ.க்யூ.எல் முறைப்படி இன்ஸ்பெக்ஷன் செய்வதில் தேர்ந்தவர். 6 பேர் கொண்ட குழுவைத் திறம்பட வழிநடத்தியவர். தரக் குறைபாடுகளை வெகுவாகக் குறைத்தவர்."

ஏ.க்யூ.எல் என் தம்பி சேர்க்கச் சொன்னான்.

பழைய_கியூசி

அம்மணி, போன பதிவுல நீங்க பேசினப்ப என் கண் முன்னால மேசையும் ட்யூப் லைட்டும் தெரிஞ்சது. இதுல ஒண்ணுமே தெரியல. "வல்லமை பெற்றவர்", "திறம்பட", "வெகுவாக" மூணும் போகட்டும். அந்த இடத்துல நீங்க முன்னாடி எழுதின எண்ணும் பொருளும் வரட்டும்.

ஏ.க்யூ.எல், அதாவது ஒரு லாட்ல எவ்வளவு தப்பு வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கிற அளவு, அந்த விஷயம் முக்கியம். நான் நேர்காணல்ல உக்காந்தா, அந்த வார்த்தையைப் பாத்ததும் அதைத்தான் கேப்பேன். ஆயிரம் பீஸ் லாட், ஏ.க்யூ.எல் 2.5, எத்தனை பீஸ் எடுப்பீங்க, எத்தனை மேஜர் தப்பு வரைக்கும் பாஸ்? உங்களுக்குத் தெரியுமா? தம்பிகிட்ட கேக்காம சொல்லுங்க.

செக்கிங்_மலர்

பையர் க்யூசி வர்ற அன்னைக்குப் பெட்டியைத் திறந்து பீஸ் எடுத்துக் கொடுக்க நான்தான் போவேன். ஆயிரத்துக்கு 80 எடுப்பாங்கன்னு தெரியும், எண்ணிக் கொடுத்திருக்கேன். எத்தனை தப்பு வரைக்கும் பாஸ்னு தெரியாதுங்கய்யா. அவங்க சார்ட்டைப் பாத்து முடிவு சொல்வாங்க.

பழைய_கியூசி

80 சரி. வழக்கமான லெவல் டூ-வுல 501-ல இருந்து 1,200 பீஸ் வரைக்கும் உள்ள லாட்டுக்கு அதுதான் எண்ணிக்கை. 2.5-ல 5 மேஜர் வரைக்கும் பாஸ், 6 வந்தா ஃபெயில். அதை இப்ப மனசுல வெச்சுக்கோங்க. ஆனா அதுக்காக "இன்ஸ்பெக்ஷன் செய்வதில் தேர்ந்தவர்"னு எழுதக் கூடாது. நீங்க முடிவு சொன்னதில்லை. பீஸ் எடுத்துக் கொடுத்திருக்கீங்க, கூட நின்னு பாத்திருக்கீங்க. அதையே அப்படியே எழுதுங்க. சின்ன விஷயமா தோணும். ஆனா பையர் இன்ஸ்பெக்ஷன்ல கூட நின்ன ஆளுக்கு மேஜர் எது, மைனர் எதுன்னு காதுல விழுந்திருக்கும்னு எங்களுக்குத் தெரியும். கேட்டா நீங்களும் தைரியமா சொல்வீங்க. மிகைச்சு எழுதின ஒரு வரியில மாட்டிக்கிட்டா, உண்மையா எழுதின நாலு வரியையும் நம்ப மாட்டாங்க.

"குறைபாடுகளை வெகுவாகக் குறைத்தவர்"னா எவ்வளவுல இருந்து எவ்வளவுக்குன்னு கேப்பாங்க, உங்ககிட்ட கணக்கு கிடையாது. ஆனா அந்த ஒரு நாள் கதை இருக்கு. அதை ஒரே வாக்கியமா சுருக்குங்க.

செக்கிங்_மலர்

புரிஞ்சதுங்க. ராத்திரி உக்காந்து திரும்ப எழுதினேன்:

"பின்னலாடை செக்கிங்கில் எட்டு வருடத்துக்கு மேல் வேலை, ஜாப் ஒர்க் யூனிட்களில் பீஸ் ரேட்டிலும் இப்போது கான்ட்ராக்ட்டிலும். ரவுண்ட் நெக் டி-ஷர்ட் ஒரு ஷிப்டுக்கு 400 முதல் 450 வரை. போலோ, குழந்தைகள் செட்டும் தெரியும். இரண்டரை வருடமாக அளவு சார்ட்டை வைத்து டேப் பிடித்துப் பார்க்கிறேன். ஆல்டர், கறை, ரிஜெக்ட் பிரித்து வைப்பேன். ஒரே இடத்தில் தொடர்ந்து வந்த ஊசி ஓட்டையைக் கட்டு நம்பரை வைத்து ஒரு ஓவர்லாக் மெஷின் வரை கண்டுபிடித்துச் சொல்லி, அன்றே ஊசி மாற்றப்பட்டது. இரண்டு வருடமாக 6 பேர் டேபிளுக்குக் கட்டு பிரித்துக் கொடுத்து, தினக் கணக்கு எழுதுகிறேன். பையர் இன்ஸ்பெக்ஷனுக்குப் பீஸ் எடுத்துக் கொடுத்து உடன் இருந்திருக்கிறேன்."

கைமடி ரெண்டு வருஷத்தையும் மளிகைக்கடையையும் கீழ வரலாற்றுல ஒவ்வொரு வரியா வெச்சிருக்கேன்.

பழைய_கியூசி

இதுதான் அம்மணி. இதைக் கையில கொடுத்தா நான் உடனே ஃப்ளோருக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு கட்டைக் கொடுத்துப் பாக்கச் சொல்வேன். எழுதினது அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டாப் போதும்.

ஒரே ஒரு திருத்தம். கைமடியை மேலயும் ஒரு ஓரத்துல கொண்டுவாங்க. "அதற்கு முன் இரண்டு வருடம் ஓவர்லாக், ஃப்ளாட்லாக் டெய்லர்களுக்குக் கைமடி"ன்னு. எந்தத் தையல் எந்த மெஷின்ல வருதுன்னு நீங்க அங்கதான் கத்துக்கிட்டீங்க. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க முடிஞ்சதே அதனாலதான். சுரேஷ் தம்பி எடுக்கச் சொன்னது இந்த வேலைக்குத்தான் பொருந்தாது. ஆபீஸ் வேலைக்குப் போறதா இருந்தா நானும் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

அவிநாசி_சுரேஷ்

சரிங்கய்யா, ஒத்துக்கிறேன். கைமடியை அப்படிச் சேர்த்து நான் யோசிக்கல. ஆனா ஒண்ணு, இதை இங்கிலீஷ்ல மாத்தித்தான் கொடுக்கணும். தமிழ்ல கொடுத்தா ஸ்டாஃப் வேலைக்கு எடுக்கவே மாட்டாங்க.

நித்யா_ஹெச்ஆர்

இதுல எனக்கே முழுசா தெளிவில்லை. எங்க கம்பெனியில ரெண்டும் வருது. இங்கிலீஷ்ல இருந்தா மேல மேனேஜர் வரைக்கும் சுலபமா போகுது, அது உண்மை. ஆனா டிடிபி கடையில பெரிய பெரிய வார்த்தையா போட்டு மாத்திட்டா, நேர்காணல்ல இங்கிலீஷ்லயே கேள்வி ஆரம்பிச்சிடுவாங்க. மாத்தினா மலரே சத்தமா படிச்சு அர்த்தம் சொல்ற அளவுக்குச் சின்ன வாக்கியமா இருக்கணும். மெஷின் பேர், தப்பு பேர் எல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷ்தான், அது கஷ்டமில்லை.

பழைய_கியூசி

நான் தமிழ்ல வந்த பேப்பரைப் பாத்து ஆள் எடுத்திருக்கேன். நேர்காணல் பண்றது ஃப்ளோர் ஆளா இருந்தா தமிழ் போதும். ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களா இருந்தா நித்யா சொல்றது சரி. ரெண்டு பிரதியா எடுத்துட்டுப் போங்க.

செக்கிங்_மலர்

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. வேற ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனேன். ரெண்டு பிரதியும் கொடுத்தேன். அங்க இருந்த மேனேஜர் தமிழ்ப் பிரதியைத்தான் எடுத்துப் படிச்சார். படிச்சிட்டு நேரா அந்த ஓவர்லாக் விஷயத்தைக் கேட்டார். இடது பக்கம், அக்குளுக்குக் கீழே, கட்டு நம்பர்னு இங்க எழுதினதையே சொன்னேன். இந்தத் தடவை தடுமாறல.

அப்புறம் ஃப்ளோருக்குக் கூட்டிட்டுப் போய் 20 பீஸும் அளவு சார்ட்டும் கொடுத்தாங்க. அரை மணி நேரம். 3 பீஸ்ல தப்பு இருக்கு, ஒண்ணுல லெங்த் குறையுதுன்னு சொன்னேன். கழுத்து ரிப்ல ஒரு ஷேடு வித்தியாசத்தை விட்டுட்டேன். அங்க லைட் மஞ்சளா இருந்தது. அதையும் சொன்னேன், அவர் ஒண்ணும் சொல்லல.

இப்ப என்ன ஆச்சுன்னா, குவாலிட்டி அசிஸ்டென்ட் இடத்துக்கு இன்னொருத்தரையும் பாக்கணுமாம், ரெண்டு வாரத்துல சொல்றாங்களாம். ஆனா செக்கரா இப்பவே சேரலாம், மூணு மாசம் பாத்துட்டு குவாலிட்டி பக்கம் மாத்தறோம்னு சொல்றாங்க. சேரலாமா, காத்திருக்கலாமா?

அவிநாசி_சுரேஷ்

காத்திருங்க. செக்கரா உள்ள போனா செக்கராவே வெச்சிடுவாங்க. "மூணு மாசம்"னு வாயில சொல்றதை நம்ப முடியாது.

நித்யா_ஹெச்ஆர்

நான் சேரச் சொல்வேன், ஆனா அந்த மூணு மாசத்தை ஆஃபர் லெட்டர்ல எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. எழுதித் தர மாட்டோம்னா அதுவே ஒரு பதில்தான்.

பரோட்டா_மாஸ்டர்_மதுரை

வாழ்த்துகள் மலர். நானும் நாலு வரி எழுதிட்டேன், ஐயா சொன்ன மாதிரி சரக்கு லிஸ்ட்ல இருந்து ஆரம்பிச்சிருக்கேன். நாளைக்குப் போடறேன், ஹோட்டல் தொழில் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா பாருங்க.

பழைய_கியூசி

அம்மணி, மஞ்ச லைட்ல ஷேடு யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை ஷேடுன்னு வந்தா பீஸை லைட் பாக்ஸுக்கோ ஜன்னல் பக்கமோ கொண்டுபோலாமான்னு கேளுங்க. கேக்கிறதே நல்ல மார்க்தான்.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டு வாங்க. செக்கரா எடுத்தா கம்பெனி ரோல்லயா, மறுபடியும் கான்ட்ராக்டர் ரோல்லயா? பிஎஃப்ல யார் பேர் வரும்? கம்பெனி பேர்னா நித்யா பக்கம் நான். கான்ட்ராக்டர் பேர்னா சுரேஷ் பக்கம்.

செக்கிங்_மலர்

அதைக் கேக்கவே இல்லைங்கய்யா. காலையில போன் பண்ணிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்.